கிரகணப் பட்டியலும் நம் ஊர்க் கடிகாரமும்

கிரகணங்களுக்கும் எரிகல் பொழிவுகளுக்கும் வானியல் நிறுவனங்கள் வெளியிடும் நேரப் பட்டியல்கள் எந்த ஊர்க் கடிகாரத்தையும் பின்பற்றுவதில்லை. நேரத்தின் பக்கத்தில் UT அல்லது UTC என்ற எழுத்துகள் மட்டும் இருக்கும். இங்கிலாந்தின் கிரீனிச் வழியாகச் செல்லும் தீர்க்கரேகையை அடிப்படையாகக் கொண்ட இந்த நேரத்துக்கு உலகப் பொது நேரம் என்று பெயர். இந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பவர்கள் அதனுடன் 5 மணி 30 நிமிடம் கூட்டிக்கொள்ள வேண்டும் என்பது பலருக்கும் தெரிந்ததே. ஆனால் கூட்டி வந்த விடை எப்போது சரி, எப்போது ஏமாற்றும் என்பது அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. சந்திர கிரகணம், சூரிய கிரகணம், எரிகல் பொழிவு மூன்றுக்கும் கணக்கு ஒன்றல்ல.

சந்திர கிரகணத்தில் நிழல் விழுவது நிலவின் மேல். நிலவு பூமியின் கருநிழலுக்குள் நுழையும் கணம், பார்ப்பவர் மதுரையில் இருந்தாலும் நைரோபியில் இருந்தாலும், ஒரே கணம்தான். மாறுவது அவரவர் சுவரில் தொங்கும் கடிகாரம் மட்டுமே. கப்பல்களில் துல்லியமான கடிகாரம் வருவதற்கு வெகு காலத்துக்கு முன்பே அறிஞர்கள் இதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். தொலைவில் உள்ள இரண்டு ஊர்களில் ஒரே சந்திர கிரகணத்தைப் பார்த்து, அது தொடங்கிய உள்ளூர் நேரத்தை இருவர் குறித்து வைத்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே அந்த ஊர்களின் தீர்க்கரேகை வித்தியாசம். ஒரு மணி நேர வித்தியாசம் என்றால் 15 பாகை. இப்படி உலகம் முழுவதற்கும் ஒரே சமயத்தில் நிகழ்வதை ஒரே எண்ணால் சொல்லிவிட முடியும். அதை நூறு நாட்டு நேரங்களில் அச்சிடுவது இடத்துக்கும் கேடு, பிழைக்கும் வழி.

உள்ளூர் நேரத்தை நம்பிப் பட்டியல் போடாததற்கு இன்னொரு காரணம், அது அரசாணையால் மாறக்கூடியது என்பது. இதற்கு இலங்கையை விட நல்ல உதாரணம் கிடைக்காது. மின்சாரத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க 1996 மே மாதம் இலங்கைக் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னே தள்ளப்பட்டன. அதே ஆண்டு அக்டோபரில் அரை மணி நேரம் பின்னே வந்தன. 2006 ஏப்ரலில்தான் பழையபடி பொது நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னால் என்ற கணக்குக்குத் திரும்பின. கிரகணங்கள் பல பத்தாண்டுகளுக்கு முன்கூட்டியே கணிக்கப்படுகின்றன. 1990இல் ஒருவர் 2000ஆம் ஆண்டுக் கிரகணத்துக்குக் கொழும்பு நேரம் எழுதி வைத்திருந்தால் அரை மணி நேரம் தவறியிருப்பார். பொது நேரத்தில் எழுதி வைத்தவருக்கு எந்தத் திருத்தமும் தேவைப்பட்டிருக்காது.

இந்தியாவிலும் ஒரு காலத்தில் பல நேரங்கள் இருந்தன. மதராஸ் வானாய்வு நிலையத்தின் தீர்க்கரேகையைக் கொண்டு கணக்கிடப்பட்ட ‘மதராஸ் நேரம்’ கிரீனிச்சை விட 5 மணி 21 நிமிடம் முன்னால் ஓடியது; ரயில்களும் தந்தி அலுவலகங்களும் அதைப் பின்பற்றின. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் தனித்தனி நேரம். 1906 ஜனவரி 1 முதல் 82.5 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையை வைத்து இந்திய நேரம் நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகும் கல்கத்தா 1948 வரையிலும், பம்பாய் 1955 வரையிலும் தங்கள் நேரத்தை முழுவதுமாக விடவில்லை. பழைய கிரகணக் குறிப்புகளைப் படிப்பவர்கள் ‘உள்ளூர் நேரம்’ என்ற சொல்லைக் கண்டால் கொஞ்சம் நிதானிப்பது நல்லது. அது எந்த உள்ளூர் என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

கிரீனிச் பொதுவானது 1884இல் வாஷிங்டனில் நடந்த சர்வதேச மாநாட்டில். ஆனால் வானியலாளர்கள் அதற்குப் பிறகும் நாற்பது ஆண்டுகள் நாளை நள்ளிரவில் தொடங்காமல் நண்பகலில் தொடங்கி எண்ணிக்கொண்டிருந்தார்கள். இரவு முழுவதும் வேலை செய்பவர்களுக்கு நடு இரவில் தேதி மாறுவது தொல்லை. ஓர் இரவின் பதிவுகள் ஒரே தேதியில் இருப்பதே அவர்களுக்கு வசதி. பொதுமக்களின் கிரீனிச் நேரமும் வானியலாளர்களின் கிரீனிச் நேரமும் இதனால் 12 மணி நேரம் வேறுபட்டன. 1925 ஜனவரி 1 முதல் வானியலாளர்களும் நள்ளிரவுக்கு மாறினார்கள். பழைய பெயரையே வைத்துக்கொண்டால் எது நண்பகல் கணக்கு, எது நள்ளிரவுக் கணக்கு என்று தெரியாது என்பதால், 1928இல் சர்வதேச வானியல் ஒன்றியம் நள்ளிரவுக் கணக்குக்கு ‘உலகப் பொது நேரம்’ என்ற பெயரைப் பரிந்துரைத்தது. இன்று UT என்பது பூமியின் சுழற்சியைப் பின்பற்றுவது. UTC என்பது அணுக் கடிகாரங்களால் ஓட்டப்பட்டு, அதற்கு ஒரு விநாடிக்குள் நெருக்கமாக வைக்கப்படுவது. வானத்தைப் பார்க்கப் போகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

இனி கணக்குக்கு வரலாம். கிழக்கே உள்ள நாடுகள் கூட்ட வேண்டும், மேற்கே உள்ளவை கழிக்க வேண்டும். இந்தியா, இலங்கைக்கு 5:30, சிங்கப்பூர், மலேசியாவுக்கு 8, துபாய்க்கு 4. டொராண்டோ குளிர்காலத்தில் 5 மணி நேரத்தையும், கோடைக் கடிகாரம் நடப்பில் உள்ளபோது 4 மணி நேரத்தையும் கழிக்கும். பட்டியல்கள் 24 மணி நேர முறையில் இருப்பதால் காலை மாலைக் குழப்பம் இல்லை. குழப்பம் வருவது தேதியில். இந்திய நேரத்தில் ஓர் எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் போதும்: 18:30. பொது நேரம் 18:30 ஆகும்போது இங்கே நள்ளிரவு. அதற்கு முன் உள்ளதெல்லாம் அதே தேதி. 18:30லிருந்து அடுத்த தேதி. தலைகீழாகச் சொன்னால், இந்தியாவில் நள்ளிரவு முதல் அதிகாலை ஐந்தரை வரை நடக்கும் எதுவும் பட்டியலில் முந்தைய நாள் தேதியில் இருக்கும்.

2025 செப்டம்பர் 7 அன்று நடந்த முழு சந்திர கிரகணம் இந்தக் கோட்டின் மேலேயே அமர்ந்திருந்தது. பட்டியலில் நிலவு கருநிழலைத் தொடும் நேரம் 16:27; முழுவதும் மறையும் நேரம் 17:31; கிரகணத்தின் உச்சம் 18:12; முழு மறைவு முடிவது 18:53; கருநிழலை விட்டு நிலவு முற்றிலும் விலகுவது 19:57. ஐந்தரை மணி கூட்டினால் முதல் தொடுகை இரவு 9:57. முழு கிரகணம் தொடங்குவது இரவு 11:01. உச்சம் 11:42. இதுவரை எல்லாம் ஞாயிறு, செப்டம்பர் 7. ஆனால் 18:53 என்பது 18:30ஐத் தாண்டிவிட்டது. முழு மறைவு முடிந்தது திங்கள், செப்டம்பர் 8, நள்ளிரவு 12:23க்கு. கடைசி விலகல் அதிகாலை 1:27. முழு கிரகணத்தின் 82 நிமிடங்கள் இரண்டு தேதிகளில் விழுந்தன.

பஞ்சாங்கம் பார்த்துப் பழகியவர்களுக்கு இங்கே இன்னொரு சிறு சிக்கல் உண்டு. பஞ்சாங்கத்தில் நாள் சூரிய உதயத்தில் தொடங்குகிறது. கிழமையும் அப்போதுதான் மாறும். ஆகவே திங்கள் அதிகாலை 1:27 என்று கைக்கடிகாரம் காட்டியது பஞ்சாங்கத்துக்கு ஞாயிறு இரவுதான். கிரீனிச் நள்ளிரவு, இந்திய நள்ளிரவு, உதயம் என்று மூன்று இடத்தில் நாள் மாறும் மூன்று ஏற்பாடுகள் ஒரே கிரகணத்துக்குப் பொருந்தும்போது, தேதியை மட்டும் சொல்வது ஆபத்து. ‘7ஆம் தேதி இரவு, 8ஆம் தேதி விடியும் முன்’ என்று எழுதுவதே தெளிவு.

அதே கிரகணத்துக்குச் சிங்கப்பூரில் 8 மணி நேரம் கூட்டினால், முழு மறைவு தொடங்கியதே 8ஆம் தேதி அதிகாலை 1:31க்கு. 7ஆம் தேதி இரவு என்று படித்துவிட்டு நள்ளிரவு வரை காத்திருந்து படுக்கப் போனவர் நிழல் தொடுவதைக்கூடப் பார்த்திருக்க மாட்டார். லண்டனில் வேறு விதமான பொறி. கிரீனிச் லண்டனில்தான் இருக்கிறது, எனவே மாற்றமே வேண்டாம் என்று தோன்றும். செப்டம்பரில் பிரிட்டனில் கோடைக் கடிகாரம் நடப்பில் இருக்கும். அது பொது நேரத்தை விட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். முழு மறைவு அங்கே முடிந்தது மாலை 7:53க்கு. கைபேசியின் உலகக் கடிகாரத்தில் ‘லண்டன்’ நேரத்தை வைத்துப் பொது நேரம் அறிய முயல்பவர்கள் மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை ஒரு மணி நேரம் பிழையாகக் கணக்கிடுவார்கள். அங்கே ‘UTC’ என்றே தேடி வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

இரண்டு பட்டியல்களை ஒப்பிடுபவர்கள் ஒரு நிமிட வேறுபாட்டைக் கண்டு கவலைப்பட வேண்டியதில்லை. மேற்சொன்ன 17:31 சில இடங்களில் 17:30 என்று இருக்கும். விநாடிகளை வெட்டிவிடுவதா, அருகிலுள்ள நிமிடத்துக்குக் கொண்டுபோவதா என்பது ஒரு காரணம். பூமியின் வளிமண்டலம் நிழலைச் சற்றே பெரிதாக்குகிறது. எவ்வளவு பெரிதாக்குகிறது என்பதற்குக் கணிப்பாளர்கள் வெவ்வேறு முறைகளைக் கையாள்கிறார்கள் என்பது மற்றொன்று. நிழலின் விளிம்பே மங்கலானது. கண்ணால் அந்த ஒரு நிமிடத்தைப் பிரித்தறிவதும் கடினம். பட்டியலின் முதல் வரியில் வரும் புறநிழல் தொடக்கத்தையும் பொருட்படுத்த வேண்டாம். செப்டம்பர் 7 அன்று அது இரவு 8:58. அந்த நேரத்தில் மொட்டைமாடிக்குப் போனவர்கள் வழக்கமான பௌர்ணமி நிலவைத்தான் கண்டிருப்பார்கள்.

கணக்கு சரியாக வந்தாலும் கிரகணம் தெரியாமல் போகலாம். நிலவு அடிவானத்துக்கு மேலே இருக்க வேண்டுமே! இதைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. சந்திர கிரகணம் பௌர்ணமியில்தான் நிகழும். பௌர்ணமி நிலவு சூரியன் மறையும் வேளையில் எழுந்து, சூரியன் உதிக்கும் வேளையில் மறையும். எனவே மாற்றி எடுத்த நேரம் அந்த ஊரின் சூரிய அஸ்தமனத்துக்கும் உதயத்துக்கும் இடையில் வந்தால் தெரியும், இல்லையென்றால் தெரியாது. 2026 மார்ச் 3ஆம் தேதிக் கிரகணத்தை எடுத்துக்கொள்ளலாம். பொது நேரம் 9:50க்குத் தொடக்கம், முழு மறைவு 11:04 முதல் 12:03 வரை, முடிவு 13:17. சென்னைக்கு மாற்றினால் தொடக்கம் பிற்பகல் 3:20, முழு மறைவு 4:34 முதல் 5:33 வரை, முடிவு மாலை 6:47. மார்ச் தொடக்கத்தில் சென்னையில் சூரியன் மறைவது ஏறக்குறைய 6:15க்கு. முழு கிரகணம் முடிந்து முக்கால் மணி கழிந்த பிறகே நிலவு கடலிலிருந்து எழுந்தது. ஒரு பக்கம் கடிபட்ட நிலவை அரை மணி நேரம் பார்க்கக் கிடைத்தது, அவ்வளவுதான். சிங்கப்பூரில் முழு மறைவு இரவு 7:04 முதல் 8:03 வரை. அங்கே நிலவு எழுவது 7:15க்குச் சற்றுப் பின். அங்குள்ளவர்களுக்கு நிலவு சிவந்தபடியே உதித்தது. டொராண்டோவில் அதே முழு மறைவு விடிகாலை 6:04க்குத் தொடங்கி, அது முடிவதற்குள் நிலவு மேற்கில் இறங்கிவிட்டது. கனடா கோடைக் கடிகாரத்துக்கு மாறியது அதற்கு ஐந்து நாள் கழித்து என்பதால், அங்கே கழிக்க வேண்டியது 5 மணி நேரம்.

சூரிய கிரகணத்துக்கு வந்தால் இந்த எளிய முறை உடைந்துவிடுகிறது. இங்கே நிழல் விழுவது பூமியின் மேல்; அது மேற்கிலிருந்து கிழக்காக நிலத்தையும் கடலையும் கடந்து ஓடுகிறது. ஒவ்வோர் ஊருக்கும் அது வந்து சேரும் கணம் வேறு. கடிகாரம் மாறுகிறது என்பது மட்டுமல்ல, நிகழ்வே வேறு கணத்தில் நடக்கிறது. பட்டியலில் ‘உச்ச கிரகணம்’ என்று ஒற்றை எண் கொடுக்கப்பட்டிருந்தால், அது நிழலின் அச்சு பூமியின் மையத்துக்கு மிக அருகில் வரும் கணம். நிழல் அப்போது எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த இடத்துக்கு மட்டுமே அது பொருந்தும்.

தமிழ்நாட்டவர் பலருக்கும் நினைவிருக்கும் 2019 டிசம்பர் 26 வளைய கிரகணமே இதற்குச் சான்று. நிழல் சவூதி அரேபியாவில் தரை தொட்டு, அரபிக் கடலைக் கடந்து, கேரளத்தின் வடபகுதி, கோவை, திண்டுக்கல் வழியாக யாழ்ப்பாணத்தைத் தாண்டி, சுமத்ரா, சிங்கப்பூர் என்று கிழக்கே போனது. பட்டியலில் உச்ச நேரம் பொது நேரப்படி ஏறக்குறைய 5:18. ஐந்தரை கூட்டினால் காலை 10:48. கோவையில் வளையம் தெரிந்ததோ ஒன்பதரை மணி வாக்கில், மூன்று நிமிடம். பட்டியல் எண்ணை அப்படியே மாற்றிக்கொண்டு பத்தே முக்காலுக்கு வெளியே வந்த கோவைக்காரர் வளையத்தை ஒரு மணி நேரத்துக்கும் மேலாகத் தவறவிட்டிருப்பார். தேய்ந்து முடியும் பகுதிக் கிரகணம் மட்டும் மிச்சம். சிங்கப்பூரில் வளையம் தெரிந்தது பிற்பகல் 1:23க்கு, அதாவது பொது நேரம் 5:23. கோவையில் தெரிந்தது பொது நேரம் 4 மணிக்குச் சற்று முன். ஒரே கிரகணம், ஏறக்குறைய ஒன்றரை மணி நேர இடைவெளி. சிங்கப்பூர்க்காரர்கள் உச்ச நேரத்தை மாற்றியிருந்தால் ஐந்து நிமிடமே பிசகியிருக்கும். அவர்கள் உச்சப் புள்ளிக்கு அருகில் இருந்ததே அதற்குக் காரணம். முறை சரியானது என்பதல்ல.

ஆகவே சூரிய கிரகணத்துக்குத் தேவைப்படுவது ஊர்வாரிப் பட்டியல். இந்திய ஊர்களுக்கான நேரங்களைக் கொல்கத்தாவில் உள்ள பொசிஷனல் அஸ்ட்ரானமி சென்டர் இந்திய நேரத்திலேயே கணித்துத் தருகிறது. வேறு இடங்களில் ஊர்ப் பெயரையோ, அட்சரேகை தீர்க்கரேகையையோ கொடுத்துத் தேடும்போது, விடை பொது நேரத்திலா உள்ளூர் நேரத்திலா என்பதைத் தலைப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே உள்ளூர் நேரமாக வந்த விடையுடன் இன்னொரு முறை ஐந்தரை கூட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு. கண்டுபிடிப்பது எளிது. இந்தியாவில் பகலில் தெரியும் என்று சொல்லப்பட்ட சூரிய கிரகணம் இரவில் வந்து நின்றால், எங்கோ இரண்டு முறை கூட்டியாகிவிட்டது.

நாசாவின் கிரகண அட்டவணைகளில் சில UTயில் இல்லாமல் TD என்ற தலைப்பில் இருக்கும். பூமியின் சுழற்சி சீரானதல்ல. எதிர்காலத்தில் அது எவ்வளவு பின்தங்கும் என்று துல்லியமாக முன்கூட்டிச் சொல்ல முடியாது. கிரகங்களின் இயக்கத்தைக் கணிக்கச் சீராக ஓடும் ஒரு நேரம் தேவை, அதுதான் TD. இப்போது இது பொது நேரத்தை விட ஏறக்குறைய 69 விநாடி முன்னால் இருக்கிறது. 2019 கிரகணத்தின் உச்சம் TDயில் 5:18:53, பொது நேரத்தில் 5:17:44. சந்திர கிரகணத்தில் இந்த ஒரு நிமிடம் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு நிமிடமே நீடிக்கும் முழு சூரிய கிரகணத்தில் பாதி காட்சியை அது விழுங்கிவிடும்.

எரிகல் பொழிவு மூன்றாவது வகை. வால்மீனோ சிறுகோளோ விட்டுச்சென்ற துகள்கள் விண்வெளியில் ஒரு பட்டையாகக் கிடக்கின்றன. பூமி தன் பாதையில் ஆண்டுதோறும் அதே இடத்தில் அந்தப் பட்டையைக் கடக்கிறது. உச்சம் என்பது பட்டையின் அடர்த்தியான பகுதிக்குள் பூமி இருக்கும் கணம். ஆகவே இதுவும் சந்திர கிரகணம்போல உலகம் முழுவதற்கும் ஒரே கணம்தான். வானியலாளர்கள் உண்மையில் அதைத் தேதியால் குறிப்பதில்லை. பூமி தன் பாதையில் இருக்கும் இடத்தைக் காட்டும் கோணத்தால் குறிக்கிறார்கள். டிசம்பரில் வரும் ஜெமினிட் பொழிவுக்கு அந்தக் கோணம் 262.2 பாகை. அதையே பிறகு பொது நேரமாக மாற்றி வெளியிடுகிறார்கள்.

பூமி அதே இடத்துக்குத் திரும்பி வர 365 நாட்களும் ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகமும் ஆகும். அதனால் உச்ச நேரம் ஆண்டுக்கு ஆறு மணி நேரம் தள்ளிப்போகும். லீப் ஆண்டு வந்தால் பின்னுக்கு இழுக்கப்படும். ஜெமினிட் உச்சம் 2025இல் டிசம்பர் 14, பொது நேரம் 8 மணிக்கு. இந்தியாவில் பிற்பகல் ஒன்றரை, நல்ல வெயில். 2026இல் அதே நாள் 14 மணிக்கு. இங்கே இரவு ஏழரை. 2027இல் 20 மணிக்கு. இங்கே டிசம்பர் 15 அதிகாலை ஒன்றரை. நேரம் அருமையாக வாய்க்கும் அந்த ஆண்டில், பௌர்ணமி முந்தைய நாள்தான் கழிந்திருக்கும் என்பது பரிதாபம். ‘ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 14 இரவு’ என்ற பொதுவான அறிவிப்பு ஏன் சில ஆண்டு பலிக்கிறது, சில ஆண்டு சொதப்புகிறது என்பதற்கு இதில் பாதி விடை இருக்கிறது.

மீதி விடை, எரிகற்கள் எங்கிருந்து பாய்வதுபோல் தோன்றுகின்றனவோ அந்தப் புள்ளியின் உயரம். ஜெமினிட்டுக்கு அது மிதுன ராசியில், காஸ்டர் விண்மீனுக்கு அருகில். 2026 டிசம்பர் 14 அன்று சென்னையில் இந்தப் புள்ளி வடகிழக்கு அடிவானத்தில் எழுவதும் ஏறக்குறைய இரவு ஏழரைக்கே. உச்சமும் உதயமும் ஒன்றாக வருவது கேட்க நன்றாக இருக்கிறது; பார்க்க அப்படியில்லை. புள்ளி அடிவானத்தில் இருக்கும்போது பெரும்பாலான எரிகற்கள் அடிவானத்துக்குக் கீழேயே எரிந்துவிடும். அறிவிப்புகளில் வரும் ‘மணிக்கு 150’ என்ற எண்ணிக்கை, புள்ளி நேர் தலைக்கு மேல் இருந்து, வானம் மிக இருட்டாகவும் இருந்தால் கிடைக்கக்கூடியது. புள்ளி 30 பாகை உயரத்தில் இருந்தால் அதில் பாதிதான். சென்னையில் அந்த உயரம் வருவது இரவு பத்து மணி வாக்கில். அன்று பிறைநிலவு பத்தரை வாக்கில் மறைந்துவிடும். புள்ளி அதிகாலை இரண்டு மணியளவில் ஏறக்குறைய 70 பாகை உயரத்துக்கு வந்து, அதன் பிறகு மேற்கே சரியும். ஜெமினிட் பட்டை அகலமானது. உச்சம் கடந்த சில மணி நேரத்தில் வற்றிவிடாது. எனவே பட்டியல் சொல்லும் ஏழரை மணியை விட, இரவு பதினொன்றிலிருந்து அதிகாலை மூன்று வரை பார்ப்பவருக்கே அதிகம் கிடைக்கும். ஜனவரித் தொடக்கத்தில் வரும் குவாட்ரான்டிட் பொழிவுக்கு இந்தச் சலுகை கிடையாது. அதன் உச்சம் சில மணி நேரமே நீடிக்கும். அது பகலில் விழுந்தால் அந்த ஆண்டை விட்டுவிட வேண்டியதுதான்.

ஒரே அறிவிப்பில் இரண்டு விதமான நேரங்கள் கலந்து வருவதையும் கவனிக்க வேண்டும். ‘உச்சம் 14 மணி UT’ என்பது மாற்ற வேண்டிய எண். ‘அதிகாலை 2 மணிக்குப் புள்ளி மிக உயரத்தில் இருக்கும்’ என்பது அந்தந்த ஊரின் நேரம்; சென்னைக்கும் கெய்ரோவுக்கும் ஏறக்குறைய அதுவே பொருந்தும், அதனுடன் எதையும் கூட்டக் கூடாது. அதிகாலை இரண்டுடன் ஐந்தரை கூட்டிக் காலை ஏழரைக்கு எரிகல் பார்க்கச் சொன்ன செய்திகளும் உண்டு. சில ஊர்களில் மட்டும் கடிகாரம் சூரியனை விட்டு விலகி ஓடுகிறது. சிங்கப்பூரின் தீர்க்கரேகைப்படி அது பொது நேரத்தை விட ஏழு மணி நேரம்தான் முன்னால் இருக்க வேண்டும், ஆனால் எட்டு மணி நேரம் முன்னால் வைத்திருக்கிறார்கள். அதனால் அங்கே இரண்டு மணி என்பதை மூன்று என்று கொள்ள வேண்டும்.

கணக்கைப் பழகிப் பார்க்க 2028 டிசம்பர் 31 முழு சந்திர கிரகணம் பொருத்தமானது. பொது நேரப்படி முழு மறைவு 16:16க்குத் தொடங்கி 17:28க்கு முடியும். சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் அது இரவு 9:46 முதல் 10:58 வரை. நிலவு வானத்தில் உயரவே இருக்கும். நிழல் கடைசியாக விலகுவது நள்ளிரவு கழிந்து ஆறு நிமிடத்தில். சிங்கப்பூரில் முழு மறைவு தொடங்குவது 2029 ஜனவரி 1, நள்ளிரவு 12:16க்கு.